திகதி ஒத்துப்போனால் போதுமா?

1996 மே மாதம் இலங்கை அரசு நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. 2006 ஏப்ரலில் திரும்பவும் பழைய நேரத்துக்கே வந்தது. இடைப்பட்ட பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. கொட்டாஞ்சேனையில் ஆறரை என்றால் கிளிநொச்சியில் ஆறு. ஒரே சூரியன், ஒரே தீவு, இரண்டு நேரம்.

நேரம் என்பது யாரோ எழுதி வைக்கிற ஒன்று என்பதை எங்கட சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் கணினிக்கு முன்னால் போய் இருந்தவுடன் இதை மறந்து போகிறோம். ஒரு கோப்பின் பக்கத்தில் 'மாற்றிய நேரம்' என்று ஒரு வரி இருக்கும். இரண்டு கொப்பியிலும் அந்த வரி ஒன்றாக இருந்தால் உள்ளடக்கமும் ஒன்றுதான் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

பழைய சிற்றிதழ்கள், துண்டுப்பிரசுரங்கள், கலியாண அழைப்பிதழ்கள், அந்தியேட்டி மலர்கள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிற சின்னச் சின்னக் குழுக்கள் கொழும்பில் இருக்கின்றன. நாங்களும் அதில் ஒன்று. எங்களிடம் இருப்பது ஏறத்தாழ 60 ஜிபி. ஒரு கொப்பி கூகிள் டிரைவில். ஒன்று கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில். இன்னொன்று வெள்ளவத்தையில். டிஸ்க்கையும் டிரைவையும் ஒத்திசைக்க rclone பாவிக்கிறோம். இலவசமான, கட்டளை அடித்து இயக்குகிற மென்பொருள்.

rclone சும்மா ஓடும்போது எப்படி முடிவெடுக்கிறது? முதலில் இரண்டு பக்கக் கோப்புகளின் அளவைப் பார்க்கும். அளவு வேறென்றால் திரும்ப ஏற்றும். அளவு ஒன்றென்றால் மாற்றிய நேரத்தைப் பார்க்கும். நேரமும் ஒன்றென்றால், 'இரண்டும் ஒரே கோப்பு' என்று முடிவெடுத்துத் தாண்டிப் போய்விடும். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது.

பலரும் பயப்படுவது நேரம் வேறாக இருப்பதற்குத்தான். அது அடிக்கடி நடக்கும். லினக்ஸில் `cp` என்று மட்டும் அடித்துக் கொப்பி எடுத்தால், புதுக் கொப்பிக்குக் கிடைப்பது இந்த நிமிடத்தின் நேரம். FAT32 பென் டிரைவ் சுவர் மணிக்கூட்டு நேரத்தை அப்படியே எழுதி வைக்கும், அது எந்த நாட்டு நேரம் என்று எழுதாது. கொட்டாஞ்சேனையில் நிரப்பிய பென் டிரைவைக் குளிர்காலத்தில் டொரன்டோவில் உள்ள மச்சான் தன் கணினியில் செருகினால், எல்லாக் கோப்பும் பத்தரை மணித்தியாலம் தள்ளி நிற்கலாம். இதனால் பெரிய கேடு இல்லை. நேரம் வேறாக இருக்கும்போதுதான் rclone சந்தேகப்பட்டு உள்ளடக்கத்தின் செக்சத்தை ஒப்பிடும். செக்சம் ஒன்றென்றால் டிரைவில் உள்ள நேரத்தை மட்டும் திருத்திவிட்டுப் போகும்.

ஆபத்து மற்றப் பக்கம் இருக்கிறது. அளவும் நேரமும் பொருந்தி, உள்ளடக்கம் மட்டும் வேறாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

அப்படி எப்போது வரும்? ஒரு வழி, டிஸ்க் பழுதாவது. டிஸ்க்கின் ஒரு மூலையில் சில பைட்டுகள் கெட்டுப்போகும். கோப்பு சுருங்காது. யாரும் அதைத் திறந்து சேமிக்கவில்லை, ஆகவே மாற்றிய நேரமும் மாறாது.

இன்னொரு வழி, மென்பொருளே நேரத்தை மறைப்பது. வாக்குமூலங்களையும் நேர்காணல்களையும் பாதுகாக்க வெராகிரிப்ட் பெட்டகம் பாவிக்கிற நண்பர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். வழமையாக உருவாக்குகிற பெட்டகத்தின் அளவு மாறாது. உள்ளே புதிதாக எதை வைத்தாலும், பெட்டகத்தின் மாற்றிய நேரத்தைப் பழையபடியே வைத்திருப்பதுதான் வெராகிரிப்டின் இயல்பான அமைப்பு. இன்று பதிந்த நேர்காணலை உள்ளே வைத்துவிட்டு சிங்க் கொடுத்தால், rclone அளவைப் பார்க்கும், நேரத்தைப் பார்க்கும், ஒன்றும் மாறவில்லை என்று போய்விடும். டிரைவில் இருப்பது போன மாதத்துப் பெட்டகம். மடிக்கணினி பறிபோகிற அன்றைக்குத்தான் இது தெரியவரும்.

செக்சம் என்பது கோப்பின் எல்லா பைட்டுகளையும் வாசித்துக் கணக்கிடுகிற ஒரு சின்னக் கைரேகை. எம்டி5 என்றால் 32 எழுத்து. ஒரு பைட் மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். கூகிள் டிரைவ், ஏற்றிய ஒவ்வொரு கோப்புக்கும் இதைத் தானே கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஆகவே ஒப்பிடுவதற்காக அங்கிருந்து எதையும் இறக்கத் தேவையில்லை.

எங்கட டிஸ்க்கில் நடந்ததைச் சொல்கிறோம். சிங்க் பண்ணுவதற்கு முன், ஒன்றையும் மாற்றாமல் ஒப்பிட மட்டும் செய்கிற கட்டளை இது:

```
rclone check /media/disk1/ithazhgal drive:ithazhgal --combined arikkai.txt
```

அறிக்கையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். `=` என்றால் இரண்டும் ஒன்று. `+` என்றால் டிஸ்க்கில் மட்டும் உண்டு. `-` என்றால் டிரைவில் மட்டும் உண்டு. `*` என்றால் இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் வேறு. எங்களுக்கு ஒரேயொரு நட்சத்திரம் வந்தது: `* 1978/07.pdf`. `rclone lsl` அடித்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் அளவு ஒன்று, நேரம் ஒன்று. திறந்து பார்த்தோம். டிரைவில் உள்ளது கடைசிப் பக்கம் வரை நன்றாக இருந்தது. டிஸ்க்கில் உள்ளதில் பதினோராம் பக்கம் பாதியில் நின்று, மிச்சம் சாம்பல் நிறம். அதற்கு முன் எத்தனையோ முறை சிங்க் ஓடி, எல்லாம் சரி என்று சொல்லியிருந்தது.

நல்ல கொப்பியைத் திருப்பி எடுக்கிறபோதும் அதே சிக்கல் வரும். சும்மா `rclone copy` அடித்தால் ஒன்றும் இறங்காது, ஏனென்றால் அதன் கணக்கில் இரண்டும் ஒரே கோப்புத்தான். `--checksum` சேர்த்தால்தான் இறங்கும்:

```
rclone copy drive:ithazhgal /media/disk1/ithazhgal --include "/1978/07.pdf" --checksum
```

அந்த டிஸ்க்குக்கு அதோடு ஓய்வு. ஒரு கோப்பைக் கெடுத்த டிஸ்க் அடுத்ததையும் கெடுக்கும்.

'இதெல்லாம் மினக்கேடு, டேட்டா காசு யார் கட்டுறது?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. செக்சம் எடுக்க எங்கட பக்கத்து டிஸ்க் முழுவதையும் வாசிக்க வேண்டும், உண்மைதான். செக்கனுக்கு 80 எம்பி வாசிக்கிற டிஸ்க்குக்கு 60 ஜிபி என்பது 750 செக்கன். கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். இணையத்தில் போய்வருவது கோப்புப் பட்டியலும் கைரேகைகளும் மட்டும்தான். அதே 60 ஜிபியை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் திரும்ப ஏற்றினால் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரத்தை மிச்சம் பிடிக்கிறதுக்காகவா ஒரு இதழைத் தொலைக்கிறது?

'எம்டி5 உடைந்து போன முறையாச்சே' என்று இன்னொரு குரல் வரும். வேண்டுமென்றே இரண்டு வேறு கோப்புகளுக்கு ஒரே எம்டி5 வரும்படி செய்ய முடியும் என்பது 2004 முதல் தெரிந்த விடயம். ஆனால் பழுதான டிஸ்க் சதி செய்வதில்லை. தற்செயலாகக் கெட்ட பைட்டுகளைக் கண்டுபிடிக்க எம்டி5 தாராளமாகப் போதும்.

`--checksum` ஒரு மந்திரம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு கோப்பும் வேறு என்று அது சொல்லும், எது சரி என்று சொல்லாது. `rclone sync` மூலத்தில் இருப்பதையே சரி என்று எடுத்து மற்றப் பக்கத்தை அதன்படி மாற்றும். மூலத்தில் இல்லாததை அழிக்கும். அந்தச் சாம்பல் பக்கத்தோடு டிஸ்க்கில் இருந்து டிரைவுக்கு `--checksum` சிங்க் கொடுத்திருந்தால், கெட்டது போய் நல்லதின் மேல் ஏறியிருக்கும். அதனால்தான் முதலில் `check`. நட்சத்திரம் விழுந்த கோப்பை மனிதர் திறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஒத்திகை:

```
rclone sync /media/disk1/ithazhgal drive:ithazhgal --checksum --backup-dir drive:pazhayavai --dry-run
```

ஒத்திகையில் வருகிற பட்டியல் சரியென்றால் `--dry-run` ஐ எடுத்துவிட்டு ஓட்டலாம். மாற்றப்படுகிறதும் அழிக்கப்படுகிறதும் `pazhayavai` க்குள் போய் இருக்கும்.

ஒப்பிட இரண்டு பக்கமும் ஒரே வகைக் கைரேகை இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கூகிள் டிரைவும் ஒன்டிரைவும் வைத்திருப்பது வேறு வேறு வகை. அந்த இரண்டுக்கும் இடையில் `--checksum` போட்டால், பொதுவான செக்சம் இல்லை என்று ஒரு வரி அறிவித்துவிட்டு rclone வெறும் அளவை மட்டும் பார்க்கும். நேரம் பார்ப்பதைவிட அது மோசம். அங்கே `rclone check --download` என்று உண்மையாகவே இறக்கி ஒப்பிட வேண்டும், டேட்டா செலவாகத்தான் செய்யும். டிரைவுக்குள்ளேயே எழுதிய கூகிள் டொக் கோப்புகளுக்குச் செக்சமே கிடையாது. அவற்றை பிடிஎஃப் ஆக்கித் தனியாக வையுங்கள்.

1981இல் எரிந்த யாழ் நூலகத்தைப் பற்றிப் பேசாத ஆவணக் கூட்டம் ஒன்றும் எங்கட ஊரில் இல்லை. பேசத்தான் வேண்டும். ஆனால் அதே கூட்டத்தில் எழும்பி, 'உங்களிட்ட இருக்கிற இரண்டு கொப்பியும் ஒன்றா, கடைசியாக எப்ப ஒத்துப் பார்த்தனீங்கள்?' என்று யாரும் கேட்பதில்லை. எரிகிற நூலகத்தில் புகை வரும். கெடுகிற டிஸ்க்கில் அதுவும் வராது, பழைய திகதியும் பழைய அளவும் அப்படியே நிற்கும்.

ஆகவே ஆவணப் போல்டர் வைத்திருக்கிற எல்லாக் குழுக்களிடமும் ஒன்று கேட்கிறோம். 'பேக்கப் இருக்கு' என்று சொல்லாதீர்கள். கடைசியாகச் செக்சம் ஒத்துப் பார்த்த திகதியையும், அன்று எத்தனை நட்சத்திரம் விழுந்தது என்பதையும் சொல்லுங்கள். எங்கட அறிக்கையைக் கேட்டாலும் காட்டுவோம்.