வாகனக் கடன்: தமிழிலேயே கேட்டுப் பெறவேண்டிய அறிக்கை

விற்பனையகம் வழியாகப் பெறும் வாகனக் கடனில் சொல்லப்படும் வட்டியும் உண்மையான வட்டியும் பல நேரங்களில் ஒன்றல்ல.

உதாரணமாக, 5 லட்சம் ரூபாய்க்கு 10 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை சுமார் 16,134 ரூபாய். செயலாக்கக் கட்டணமாக 5,000 ரூபாயும், கட்டாயமல்லாத கடன் காப்பீட்டுக்கு 15,000 ரூபாயும் கழிக்கப்பட்டால், வாகனத்துக்குக் கிடைப்பது 4.80 லட்சமே. அப்போது உண்மையான வட்டி 12.8 சதவீதத்தைத் தொடுகிறது. கடைசித் தவணையாக 1.50 லட்சத்தை மொத்தமாகக் கட்டும் திட்டத்தில் மாதத் தவணை 12,540 ரூபாய் அளவுக்குக் குறையும். மொத்தச் செலவோ 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடும். கவர்ச்சி தவணையில்தான் உள்ளது.

கடனின் முழு விவரம் அடங்கிய முக்கியத் தகவல் அறிக்கையை 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியுள்ளது. காப்பீடு உள்ளிட்ட கட்டணங்களைச் சேர்த்த ஆண்டு வட்டி விகிதமும், தவணை அட்டவணையும் அதில் இருக்கவேண்டும். கடன்தாரருக்குப் புரியும் மொழியில் அது அமைய வேண்டும் என்பதால், பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, இடுக்கியின் மறையூர் போன்ற கேரள எல்லைப் பகுதித் தமிழர்கள் தமிழிலேயே கேட்கலாம். குறைந்தது மூன்று வேலைநாள் அது செல்லுபடியாகும். உடனே கையெழுத்திட வேண்டியதில்லை.

அறிக்கையில் இல்லாத கட்டணத்தைக் கடன்தாரரின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்க முடியாது. ஆனால், இவ்விதி கடன் வழங்கும் நிறுவனத்தையே கட்டுப்படுத்தும். விற்பனையாளர் தம் பெயரில் தனி ரசீதில் பெறும் தொகை அந்த அறிக்கையில் தென்படாது.