ஏ.டி.எம். மெஷினும் 27 ரூபாய் 14 காசும்



உங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியின் பாஸ்புக்கை இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 27.14 என்று ஒரு பற்று இருக்கிறதா? 54.28? 81.42? இருந்தால் அது ஏ.டி.எம். கட்டணமாக இருக்கக்கூடும். இலவச எண்ணிக்கையைத் தாண்டிய ஒவ்வொரு முறைக்கும் வங்கி அதிகபட்சம் 23 ரூபாய் வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. 2025 மே 1 முதல் இதுதான் கணக்கு. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 4 ரூபாய் 14 காசு. கூட்டினால் 27.14. மற்ற இரண்டும் அதன் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும்.

இலவசம் எத்தனை முறை? நம் வங்கியின் மெஷினில் மாதம் ஐந்து முறை. அடுத்த வங்கியின் மெஷினில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் மூன்று முறை, மற்ற ஊர்களில் ஐந்து முறை. இது குறைந்தபட்சம். கூடுதலாகத் தரும் வங்கிகளும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது கணக்கு எந்த ஊரில் இருக்கிறது என்பதை அல்ல, மெஷின் எந்த ஊரில் நிற்கிறது என்பதை.

எங்கள் அண்ணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். குடும்ப பென்ஷன் வரும் கணக்கு கும்பகோணத்தில். இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். தெருமுனையில் இருப்பது வேறொரு வங்கியின் மெஷின். கையில் அதிகப் பணம் வைத்துக்கொள்ளப் பயம் என்பதால் வாரம் 2,000 ரூபாய் எடுப்பார். முதல் வாரம் பென்ஷன் வந்துவிட்டதா என்று பேலன்ஸ் பார்த்தார், பிறகு பணம் எடுத்தார். இரண்டு முறை ஆயிற்று. இரண்டாம் வாரமும் பேலன்ஸ் பார்த்தார். அது மூன்றாவது. அடுத்து எடுத்த 2,000 நான்காவது, அதற்குக் கட்டணம். மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் பேலன்ஸ் பார்க்காமல் எடுத்தார். அவற்றுக்கும் கட்டணம். ஆக 8,000 ரூபாய் எடுக்க 81 ரூபாய் 42 காசு.

அடுத்த வங்கி மெஷினில் பேலன்ஸ் பார்ப்பதும், மினி ஸ்டேட்மெண்ட் எடுப்பதும் இலவச எண்ணிக்கையில் சேரும் என்பது அண்ணிக்குத் தெரியாது. நம் வங்கி மெஷினில் பேலன்ஸ் பார்ப்பது அதில் சேராது. பேலன்ஸ் பார்க்காமல் இருந்திருந்தால் நான்கில் ஒரு முறைக்குத்தான் கட்டணம். 4,000 வீதம் இரண்டு முறை எடுத்திருந்தால் ஒரு காசும் கிடையாது. இதே ஆறு முறையும் கும்பகோணத்தில் நடந்திருந்தால் 27.14 மட்டுமே.

அண்ணி அந்தத் தெருமுனை வங்கியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். உண்மையில் கட்டணத்தைக் கழிப்பது கார்டு கொடுத்த நம் வங்கி. நம் வங்கி அந்த மெஷின்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தொகை கொடுக்கிறது. பணம் எடுத்தால் 19 ரூபாய், பேலன்ஸ் பார்த்தால் 7 ரூபாய். இலவச எண்ணிக்கை முடியும் வரை அதை வங்கி சுமக்கிறது. முடிந்த பிறகு நம்மிடம் வாங்குகிறது.

கட்டணம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. மெஷினில் பணம் நிரப்பவும் காவலுக்கும் செலவு உண்டு. என் குறை, அது வரும் விதத்தில். பணம் எடுத்ததும் செல்போனில் 2,000 கழிந்தது என்று மட்டும் செய்தி வருகிறது. கட்டணம் தனி வரியாக, சில வங்கிகளில் நாள் கழித்து, மொத்தமாகக் கூட வருகிறது. எந்த நாள் எடுத்ததற்கு எது என்று வயதானவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இலவச எண்ணிக்கையை வைத்திருப்பது நம் வங்கியின் கம்ப்யூட்டர். அதே செய்தியில் "இந்த மாதம் இன்னும் ஒரு முறை இலவசம்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? கழிக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்குச் சொல்லவும் தெரியும். அதைச் சொல்வது வங்கியின் கடமை என்பதே என் கருத்து.

இன்னொன்று. மெஷின் கோளாறாலோ, உள்ளே பணம் இல்லாததாலோ, பின் நம்பர் தவறானதாலோ பணம் வராமல் போனால் அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று 2019-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அப்படிச் சேர்த்துக் கழித்திருந்தால் கார்டு கொடுத்த வங்கியில் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ஆம்புட்ஸ்மேனுக்குப் புகார் செய்யலாம். ஆனால் கணக்கில் பணம் போதாமல் திரும்பினால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் வங்கிகள் பல உண்டு. அதனால் பேலன்ஸை வங்கியின் மிஸ்டு கால் எண்ணில் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களுக்குப் பழக்கிவிடுங்கள்.

பாஸ்புக்கில் 27.14 கண்டவர்கள் எத்தனை முறை என்று கீழே எழுதுங்கள்.