நாலு பேர் சொன்ன திருத்தமும் நான் தொலைச்ச ஒரு வரியும்

போன வருஷம் ஒரு சிற்றிதழ்ல என் சிறுகதை ஒண்ணு வந்துச்சு. பேரு 'மடைக்காவல்'. வாடிப்பட்டிப் பக்கம் பெரியார் கால்வாய்த் தண்ணிய முறை வச்சு விடுற காலத்துல, ராத்திரி வாய்க்காலைக் காவல் காக்கப் போற ஒருத்தன், தம்பி வயலுக்குப் போற தண்ணிய தன் வயலுக்குத் திருப்பிக்கிற கதை. இதழ் கைக்கு வந்த அன்னைக்கே பெரியப்பாகிட்ட கொண்டு போய்க் கொடுத்தேன். மனுஷன் பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சுட்டு, "ஏம்ப்பா, நான் சொன்னத எழுதலையே"ன்னார். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை பேசல.

அவர் சொன்னதை நான் எழுதியிருந்தேன் மக்களே. திருத்தியிருந்தேன். அது நடந்தது மூணாவது பிரதியில. அச்சுக்குப் போனது ரெண்டாவது பிரதியில இருந்து முளைச்ச இன்னொண்ணு. இந்தக் கூத்து எப்படி நடந்துச்சு, இப்ப என்ன செய்றேன்னு சொல்றதுதான் இந்தப் பதிவு. கதையோ கட்டுரையோ, அனுப்புறதுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட படிக்கக் கொடுக்குற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அதனால உங்களுக்கும் உதவலாம்.

கதை சுமார் 2,800 சொல். நாலு பேருக்குக் கொடுத்தேன்: பெரியப்பா, எனக்குப் பத்தாம் வகுப்பு எடுத்த தமிழய்யா, சென்னையில இருக்குற நண்பர் (சிற்றிதழ் ஒண்ணு விடாமப் படிக்கிறவர்), அப்புறம் அக்கா. பதில் வந்த வரிசையிலேயே திருத்த ஆரம்பிச்சேன். அதுதான் முதல் தப்பு.

தமிழய்யா பதில் முதல்ல வந்துச்சு. பதினாலு ஒற்றுப்பிழை. உட்கார்ந்து ஒவ்வொண்ணாத் திருத்தினேன். ரெண்டு நாள் கழிச்சு நண்பர் பேச்சைக் கேட்டு ஒரு பத்தியை மொத்தமாத் தூக்கினேன். அந்தப் பதினாலுல ஆறு அந்தப் பத்திக்குள்ளதான் இருந்துச்சு. இடிக்கப் போற சுவருக்கு வெள்ளையடிச்ச கதை. இப்பல்லாம் தகவல் முதல்ல, பத்திகளோட வரிசை ரெண்டாவது, வாக்கியமும் ஒற்றும் கடைசி. எழுத்துப்பிழை பட்டியல் முதல்ல வந்தாலும் அது மேசையில காத்திருக்கும்.

நிற்க. முரண்பாட்டுக்கு வருவோம். மூணு இடத்துல நாலு பேரும் மோதிக்கிட்டாங்க. மூணும் மூணு ரகம். இதை நான் அப்ப புரிஞ்சுக்கல.

முதல் மோதல் முதல் பக்கத்துல. சிறுமலை, தென்னந்தோப்பு, தண்ணி வந்த வயலோட வாசம்னு ஒன்றரைப் பக்கம் வர்ணிச்சிருந்தேன். நண்பர், "வெட்டித் தள்ளு"ன்னார். தமிழய்யா, "கதையிலேயே இதுதான் அழகு, இன்னும் ரெண்டு பத்தி சேர்"னு எழுதினார். அக்கா, "முதல் பக்கத்தைத் தாண்டிட்டேன்டா, அப்புறம் யார் யாருக்கு அண்ணன்னே புரியல, திரும்பி வந்து படிச்சேன்"னு சொன்னா. வெட்டவா, சேர்க்கவா? ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சமா வெட்டி சமரசம் பண்ணினேன். அது யாருக்கும் பிடிக்கல.

யோசிச்சுப் பார்த்தா மூணு பேரும் ஒரே இடத்தைத்தான் விரல் நீட்டிக் காட்டுறாங்க. மருந்துதான் வேற வேற. படிக்கிறவங்க நோவு எங்க இருக்குன்னு சொல்றதுல பெரும்பாலும் தப்ப மாட்டாங்க. என்ன மருந்துன்னு சொல்றதுல அவங்கவங்க ருசி கலந்துடும். இங்க அசல் நோவைத் திறந்து விட்டது அக்காவோட பேச்சு: நாலாவது பத்தி வரைக்கும் கதையில ஒரு ஆளே இல்ல. மண்வெட்டியும் டார்ச்சுமா வாய்க்கால் கரையில நிக்கிறவன் அப்பத்தான் வர்றான். அந்தப் பத்தியைத் தூக்கி முதல்ல வச்சேன். சிறுமலையும் தோப்பும் அவன் கண்ணு வழியா வர ஆரம்பிச்சுது. வர்ணனையில இருந்து ஒரு வரிகூட வெட்டல, சேர்க்கவும் இல்ல. அதுக்கப்புறம் நண்பரும் வெட்டச் சொல்லல, தமிழய்யாவும் சேர்க்கச் சொல்லல.

ரெண்டாவது மோதல் நடை. கதை சொல்ற பகுதியும் எழுத்துத் தமிழா, சுத்தமா இருக்கணும்ங்கிறது தமிழய்யா கட்சி. எல்லாமே மதுரைப் பேச்சா இருக்கணும்ங்கிறது நண்பர் கட்சி. இது நோவே இல்ல, ருசி. இதுக்கு ஒளிஞ்சிருக்குற மூணாவது தீர்வு எதுவும் கிடையாது. எழுதுறவன்தான் முடிவெடுக்கணும். விவரிப்பு எழுத்து நடை, உரையாடல் பேச்சு நடைன்னு ஒரே தடவை முடிவு பண்ணி, ரெண்டு பேருக்கும் காரணத்தோட சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி வாரத்துக்கு ஒரு தரம் மாத்தினதுல, ஒரே பக்கத்துல ஒரு பத்தி எழுத்து நடையிலயும் அடுத்த பத்தி பேச்சு நடையிலயும் கிடந்துச்சு.

மூணாவதுதான் பெரியப்பா விவகாரம். என் கதையில அண்ணன்காரன் நடுராத்திரி கிளை வாய்க்கால் ஷட்டரைக் கையாலயே தூக்கித் தண்ணியத் திருப்புவான். நண்பரும் அக்காவும் அந்தக் காட்சிதான் கதைக்கே உசிருன்னாங்க. தமிழய்யாவும் பக்கத்துல ஒரு டிக் போட்டிருந்தார். பெரியப்பா மட்டும், "அந்த ஷட்டரைக் கையால தூக்க முடியாதுப்பா. திருகுக் கம்பி இருக்கும், கைப்பிடி போட்டுத் திருகித்தான் ஏத்தணும். அந்தக் கைப்பிடி லஸ்கர்கிட்ட இருக்கும். திருடுறவன் வயல் வாய்க்கால் கரையத்தான் மண்வெட்டியால வெட்டுவான்"னார்.

மூணுக்கு ஒண்ணு. ஓட்டுப் போட்டா பெரியப்பா தோத்துடுவார். ஆனா தகவலுக்கு ஓட்டு கிடையாது. தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னா, தெரியாத மூணு பேரோட கைதட்டல் அங்க செல்லாது. அதே சமயம் அந்த மூணு பேர் சொன்னதும் பொய்யில்ல. அந்தக் காட்சியில இருந்த பதற்றம் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஷட்டருக்குப் பதிலா கரையை வெட்ட விட்டேன். மண்வெட்டி விழுற சத்தம் தம்பி வீட்டுக்குக் கேட்டுடுமோன்னு பயந்து பயந்து வெட்டுறான். காட்சி முன்னைவிட நல்லாவே வந்துச்சு. இது மூணாவது பிரதி.

இங்கதான் சறுக்கல். அக்கா வேலைப்பளுவுல தாமதமா ஒரு கோப்பு அனுப்பினா. நான் முதல்ல கொடுத்த ரெண்டாவது பிரதியில அவளே அங்கங்க திருத்திக் குறிச்சது. திறந்தேன், திருத்தம் எல்லாம் பிடிச்சிருந்துச்சு, ஏத்துக்கிட்டேன். அந்த உற்சாகத்துல அந்தக் கோப்புலயே மேற்கொண்டு எழுத ஆரம்பிச்சுட்டேன். முதல் பக்கத்து மாற்றத்தை ஞாபகத்துல இருந்து திரும்பச் செஞ்சேன். ஷட்டர் ஞாபகம் வரல. `madai_final_akka.docx`னு சேமிச்சு அனுப்பியாச்சு. அதே அடைவுல `madai_final.docx`, `madai_final2.docx`, `madai_pudhusu.docx`னு மூணு படுத்துக் கிடந்துச்சு. சிரிக்காதீங்க, உங்க கணினியிலயும் இருக்கும்.

இப்ப நான் செய்யிறது ரொம்ப எளிமை. படிக்கக் கொடுக்கும்போது ஒரு பிரதியைப் பூட்டிடுவேன். `madai-02.pdf`ன்னு எண் போட்டு, வேர்டுல Layout > Line Numbers > Continuous கொடுத்து வரி எண்ணோட எல்லாருக்கும் ஒரே பிரதி. வாட்ஸப்ல குரல் செய்தி அனுப்புறவர்கூட "141வது வரி"ன்னு சொல்லிடலாம். பத்து நாள் கெடு. கெடு முடியுற வரைக்கும் நான் கதையைத் தொடுறதில்ல. திருத்தம் எழுதுற கோப்பு எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான்: `madai-03.docx`. யார் என்ன கோப்பு அனுப்பினாலும் அதைப் படிப்பேன், அதுல எழுத மாட்டேன்.

வர்ற கருத்தெல்லாம் ஒரு நோட்டுக்குப் போகும். ஒரு கருத்துக்கு ஒரு எண். உதாரணத்துக்கு, அன்னைக்கு நோட்டு இருந்திருந்தா இப்படி எழுதியிருப்பேன்:

எண் 7. பிரதி 02, வரி 141. பெரியப்பா.
சொன்னது: ஷட்டரைக் கையால தூக்க முடியாது.
எதிர்க்கருத்து: எண் 3, எண் 11 (காட்சி நல்லாருக்கு, தொடாதே).
ரகம்: தகவல்.
முடிவு: ஏற்பு. கரையை வெட்டுவதாக மாற்றம், பதற்றம் குறையாமல்.
செய்தது: பிரதி 03.

ஏத்துக்காத கருத்துக்கும் இதே மாதிரி, காரணத்தோட. இது என் கண்டுபிடிப்பு இல்ல. உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு சீவக சிந்தாமணியை 1887ல பதிப்பிச்சார். அவர் பதிப்புகளை எடுத்துப் பாருங்க. ஏடுகள் ஒண்ணோட ஒண்ணு முரண்பட்டா, ஒரு பாடத்தை மேல வைப்பார், மத்ததைத் தூக்கிப் போடாம பிரதிபேதம்னு குறிச்சு வைப்பார். தேர்ந்தெடுத்தது ஒண்ணு, ஆனா தள்ளினதும் கையில இருக்கு. நாளைக்கு மனசு மாறினா திரும்பிப் போக வழி இருக்கு. சிந்தாமணிக்கே அவர் 1907ல திருத்தின ரெண்டாம் பதிப்பு கொண்டு வந்தார். நம்ம சிறுகதைக்கு நாலு வரிக் குறிப்பு எழுதக் கசக்குதுன்னா எப்படி?

அனுப்புறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு சோதனை. வேர்டுல Review > Compare போய், பழசுக்கு `madai-02.docx`, புதுசுக்கு கடைசிப் பிரதியைக் கொடுத்தா மாறின இடமெல்லாம் குறிச்சுக் காட்டும். நோட்டுல 'ஏற்பு'ன்னு இருக்குற ஒவ்வொரு எண்ணும் அதுல தெரியணும். அதே மாதிரி அதுல தெரியுற ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் நோட்டுல ஒரு எண் இருக்கணும். இதைச் செஞ்சிருந்தா 141வது வரி மாறவே இல்லன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஒரு சிக்கல், பத்திகளை இடம் மாத்தியிருந்தா பக்கமே சிவப்பாகி சின்ன மாற்றம் கண்ணுல படாது. அதனால பத்தியை நகர்த்தின கையோட ஒரு எண் போட்டுத் தனியா சேமிச்சுக்கிட்டு, மிச்சத்தை அதோட ஒப்பிடுங்க.

அக்கா மாதிரி தாமதமா வர்றவங்களை என்ன பண்றது? அவங்க கருத்தை 02ல அந்த வரியைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டு, அந்த இடம் 03ல இன்னும் இருந்தா மட்டும் கையால செய்வேன். வேர்டுல Combine கொடுத்தா ரெண்டு கோப்பையும் இணைச்சுக் கொடுக்கும்தான். ஆனா ரெண்டு பேரும் ஒரே வரியைத் தொட்டிருந்தா எது சரின்னு அது சொல்லாது. 2,800 சொல்லுக்குக் கையே போதும்.

பெரியப்பாகிட்ட இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். "சரிப்பா, அடுத்த தடவை பாத்துக்க"ன்னார். மூணாவது பிரதியை அச்செடுத்துக் கொடுத்திருக்கேன். தொகுப்புன்னு ஒண்ணு வந்தா அதுல கரையத்தான் வெட்டுவான்.

பி.கு.: இந்தப் பதிவையும் ரெண்டு பேர் படிச்சாங்க. ஒருத்தர் உ.வே.சா. பத்தி வேணாம்னார், இன்னொருத்தர் அதுதான் வேணும்னார். ருசின்னு நோட்டுல எழுதிட்டு வச்சுட்டேன். நீங்க எப்படி சமாளிக்கிறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க.