புகார் இயக்குநர் குழுவை அடைந்த பிறகு

பட்டியலிடப்பட்ட எந்த இந்திய நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்தாலும், நிர்வாக நெறிமுறை குறித்த பகுதியில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: தணிக்கைக் குழுவை அணுகும் வாய்ப்பு எந்த ஊழியருக்கும் மறுக்கப்படவில்லை. செபியின் வெளிப்படுத்தல் விதிகள் அந்த உறுதிமொழியைக் கேட்கின்றன. நிறுவனங்களும் ஆண்டுதோறும் எழுதித் தருகின்றன. பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். அணுகுவதற்கு வழி இருந்ததா என்பதல்ல இங்குள்ள சிக்கல். அணுகிய பின் என்ன நடந்தது என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் வழி திறந்தே இருந்தது. 2003இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி அங்கே பணியில் சேர்ந்தவர் தினேஷ் தாக்கூர். அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம், அந்நிறுவனத்தின் எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றைத் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கியது. மருந்தின் திறனை ஒப்பிட்டுக் காட்டும் சோதனைகளை நடத்திய ஒப்பந்த ஆய்வகத்தின் தரவுகள் நம்பத்தக்கவையாக இல்லை. புதிதாக வந்திருந்த ஆராய்ச்சித் தலைவர் ராஜிந்தர் குமார், நிறுவனத்தின் பிற தரவுகளின் நிலை என்ன என்று கண்டறியும் பொறுப்பைத் தாக்கூரிடம் ஒப்படைத்தார். தாக்கூரின் குழு நாடுவாரியாக, மருந்துவாரியாகக் கோப்புகளைப் புரட்டியது. பல சந்தைகளில் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கப்பட்ட தரவுகளுக்குப் பின்னால் நடந்த சோதனைகளே இல்லை என்பது தெரியவந்தது. குமார் அதைத் தொகுத்து, 2004இன் பிற்பகுதியில் இயக்குநர் குழுவின் அறிவியல் துணைக்குழு முன் நேரடியாக வைத்தார். சுயமதிப்பீட்டு அறிக்கை என்று பின்னர் நீதிமன்ற ஆவணங்களில் பெயர்பெற்றது இதுதான்.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இது கதவிடுக்கில் செருகப்பட்ட மொட்டைக் கடிதம் அன்று. நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரே சான்றுகளோடு, உரிய மேடையில், உரியவர்களிடம் சொன்ன செய்தி. எந்த முறைகேட்டுப் புகாரும் இதைவிட ஒழுங்காக ஒரு இயக்குநர் குழுவை அடைய முடியாது. விளைவு? வெளியார் விசாரணைக்கு உத்தரவிடப்படவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு அறிக்கை தரப்படவில்லை. குமார் விரைவில் பதவி விலகினார். அதன்பின் உள்தணிக்கையாளர்கள் தன் துறையில் வந்து அமர்ந்ததையும், அலுவலகக் கணினியில் ஆபாசத் தளங்களைப் பார்த்ததாகத் தன்மீது குற்றம் சுமத்தப்பட்டதையும் தாக்கூர் பின்னர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். 2005 ஏப்ரலில் அவரும் வெளியேறினார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புனைபெயரில் எழுதினார். 2008இல் தேவாஸ், பாவ்ண்டா சாஹிப் ஆலைகளின் மருந்துகளுக்கு அமெரிக்கா தடை விதித்தது. 2013 மே மாதத்தில் ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு, குற்றவியல், உரிமையியல் கணக்குகளில் 50 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. இடையே நிறுவனத்தை வாங்கியிருந்த ஜப்பானின் தாய்ச்சி சாங்கியோ, பழைய உரிமையாளர்கள்மீது சிங்கப்பூர் நடுவர் மன்றத்தில் தொடுத்த வழக்கில், அந்தச் சுயமதிப்பீட்டு அறிக்கை மறைக்கப்பட்டதே மையக் குற்றச்சாட்டு. 2016இல் மன்றம் சுமார் 2,562 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது, வட்டி தனி. தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் அத்தீர்ப்பை நிறைவேற்ற அனுமதித்தது. தாக்கூரின் கதையைத் தனிமனித வீரமாகச் சொல்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: இத்தனைக்கும் காரணமான ஆவணம் 2004லேயே துணைக்குழுவின் மேசைமேல் இருந்தது.

அப்போது இந்தியாவில் சட்டம் இல்லை, இப்போது இருக்கிறது என்பது வழக்கமான சமாதானம். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின் 177ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் வேறு சில வகை நிறுவனங்களும் விழிப்புப் பொறிமுறை ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது. புகார் அளிப்பவர் பழிவாங்கப்படாதிருக்கப் ‘போதிய பாதுகாப்பு’ வேண்டும் என்கிறது. தக்க தருணங்களில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் வழிசெய்கிறது. குமாருக்கும் அணுகும் வழி இருந்ததே. ‘போதிய’ என்பது எவ்வளவு? பழிவாங்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது? எத்தனை நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும்? அந்தப் பிரிவு மௌனம் காக்கிறது. மீறினால் நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் தண்டம். 2014இல் இயற்றப்பட்ட தனிச் சட்டமோ அரசு ஊழியர்கள்மீதான புகார்களுக்கானது. தனியார் நிறுவனத்தை அது தொடாது. அதுவும் இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

பெரிய முறைகேட்டை அறியும் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மேலாளர்கள். தொழிலாளர் சட்டங்களின் பணிநீக்கப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. அறிவிப்புக் கால ஊதியத்தைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடலாம். அவர்களை மீண்டும் பணியில் அமர்த்தும்படி தனியார் முதலாளியை நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை வலிந்து நிறைவேற்ற முடியாது என்பது பழைய கோட்பாடு. ஆகவே ‘போதிய பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு நடைமுறையில் எஞ்சும் மதிப்பு இரண்டு, மூன்று மாதச் சம்பளம்தான்.

சட்டம் எழுதத் தெரியாமல் இது நேரவில்லை. உள்தகவல் வணிகத்தை அம்பலப்படுத்துபவருக்காக 2019இல் செபி விதிகளைத் திருத்தியது. அதில் பணிநீக்கம், பதவிக்குறைப்பு, இடைநீக்கம், மிரட்டல் என ஒவ்வொன்றையும் பெயர்சொல்லித் தடுக்கும் வாசகம் இருக்கிறது, வெகுமதியும் உண்டு. பங்கு விலைச் செய்தியைக் கசியவிட்டவனைக் காட்டிக்கொடுத்தால் பாதுகாப்பு; நோயாளி விழுங்கும் மாத்திரைக்குச் சோதனையே நடக்கவில்லை என்று சொன்னால் நிறுவனத்தின் கொள்கை ஆவணம்!

இயக்குநர் குழுக்கள் தயங்குவதற்கும் சட்டத்திலேயே ஒரு காரணம் புதைந்திருக்கிறது. 149ஆம் பிரிவின்படி, சார்பற்ற இயக்குநர் தனக்குத் தெரிந்தே, குழுவின் நடவடிக்கைகள் வழியாகத் தெரிந்தே நிகழ்ந்த தவறுகளுக்கு, அவற்றுக்கு உடந்தையாக இருந்தாலோ உரிய கவனம் காட்டத் தவறினாலோ மட்டுமே பொறுப்பாவார். நியாயமான பாதுகாப்புதான். ஆனால் முழுப் புகாரைப் படித்த கணத்தில் ‘தெரியாது’ என்ற கேடயம் கழன்றுவிடுகிறது. எனவே புகார் மேலே போவதற்குள் சுருங்குவதில் பலருக்கும் நிம்மதி இருக்கிறது. நிர்வாகம் நியமித்த நிறுவனச் செயலர் அதைப் பெறுகிறார். நிதித் தலைவரின் கீழுள்ள உள்தணிக்கைப் பிரிவு முதற்கட்டமாக ஆராய்கிறது. குழுவுக்கு வந்து சேர்வது ‘பெறப்பட்டவை, தீர்க்கப்பட்டவை’ என்ற இரண்டு எண்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் கீழ்ப்பணியாளர் நடத்திய விசாரணையா என்று அந்த எண்கள் சொல்லா.

பொய்ப் புகார்கள் பெருகும் என்ற எதிர்வாதம் உண்டு. அற்பமான புகார்களைத் திரும்பத் திரும்ப அளிப்பவரைக் கண்டிக்கத் தணிக்கைக் குழுவுக்கு விதிகள் ஏற்கெனவே அதிகாரம் தந்திருக்கின்றன. புகாரைப் புதைக்கும் குழுவைக் கண்டிக்க இணையான விதி எங்கே என்பதே கேள்வி.

தேவைப்படும் திருத்தம் நீளமானதன்று. மூத்த நிர்வாகிகள் மீதான புகார் சுருக்கப்படாமல் தணிக்கைக் குழுவின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் போக வேண்டும்; கிடைத்த தேதியும் எடுத்த முடிவும் காரணமும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். விசாரிப்பவரை நிர்வாகம் அன்றித் தணிக்கைக் குழுவே அமர்த்த வேண்டும். புகாருக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த ஊழியர் நீக்கப்பட்டாலோ இறக்கப்பட்டாலோ அது பழிவாங்கல் அன்று என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மீது விழ வேண்டும். அதைக் கேட்கத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் வேண்டும். உயிர், உடல்நலம் சார்ந்த புகாரானால், குழு குறித்த நாளுக்குள் உரிய கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதியாக வேண்டும். இக்கடமை 2004இல் இருந்திருந்தால், இந்தியாவில் பணியாற்றிய ஒருவர் புனைபெயரில் அமெரிக்க அரசுக்குக் கடிதம் எழுதும் நிலைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.