வெளியேற முடியாத உள்நுழைவு

வளாக நேர்காணல்களின் வடிவமைப்புச் சுற்றில் ஒற்றை உள்நுழைவைப் பற்றிக் கேட்டால் பழகிப்போன விடை ஒன்று வருகிறது: கையொப்பமிட்ட ஜே.டபிள்யூ.டி. டோக்கன் போதும், சர்வர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. தேர்வாளரும் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பைத்தான் நான் மறுக்கிறேன். ‘வெளியேறு’ பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்ற ஒரு கேள்விக்கு இந்த விடை தாங்காது. உலாவியிலுள்ள பிரதியை அழிக்கலாம். திருடனிடம் உள்ள பிரதி காலாவதியாகும்வரை செல்லுபடியாகவே இருக்கும்.

அணுகல் டோக்கனின் ஆயுள் 15 நிமிடம், புதுப்பிப்பு டோக்கனின் ஆயுள் 30 நாள் என்று கொள்வோம். மாணவி 10:00 மணிக்கு உள்நுழைகிறாள். அவளுடைய புதுப்பிப்பு டோக்கனை ஒருவன் களவாடி, 10:10-க்குப் பயன்படுத்துகிறான். டோக்கனைச் சுழற்றாத அமைப்பில் இருவரும் அதே டோக்கனோடு 30 நாள் உலவுவார்கள். எவருக்கும் ஐயம் எழாது. சுழற்றும் அமைப்பிலோ, 10:10-க்குப் பழைய டோக்கன் செலவாகிப் புதியது திருடனிடம் போகிறது. 10:15-க்கு மாணவியின் செயலி பழையதை நீட்டுகிறது. செலவான டோக்கன் மீண்டும் வந்ததைக் கண்ட சர்வர், அந்த உள்நுழைவில் பிறந்த புதுப்பிப்பு டோக்கன்கள் அனைத்தையும் இரத்து செய்கிறது. திருடனிடம் எஞ்சுவது 10:25 வரை வாழும் அணுகல் டோக்கன் மட்டுமே.

எது செலவானது, எது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சர்வர் எப்படி அறிந்தது? எங்கோ ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருந்ததால். ‘நினைவற்ற சர்வர்’ என்ற பெருமை அங்கேயே முடிந்துபோகிறது. உலாவியிலோ கைப்பேசியிலோ இயங்கி, இரகசியம் காக்க இயலாத செயலிகளுக்கு, புதுப்பிப்பு டோக்கனைச் சுழற்ற வேண்டும் அல்லது அதை உரிய செயலியோடு பிணைக்க வேண்டும் என்று 2025-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9700 கட்டாயமாக்குகிறது.

சுழற்சியும் முழுக் காப்பன்று. மாணவி திரும்பி வராவிட்டால் திருட்டு வெளிப்படாது. புதிய டோக்கனைச் சுமந்த பதில் வழியில் தொலைந்தால், பழையதை மீண்டும் அனுப்பும் நேர்மையான செயலியே திருடனாகத் தோன்றும். சில விநாடிச் சலுகை அளிக்கலாம். அச்சலுகை திருடனுக்கும் உண்டு. இந்த இழுபறியைத் தானாக எடுத்துப் பேசும் மாணவருக்கே நான் மதிப்பெண் தருவேன்.

அடையாளச் சர்வரின் அமர்வு வேறு, செயலியின் அமர்வு வேறு என்பதையும் பலர் மறக்கிறார்கள். பொதுக் கணினியில் நூலகச் செயலியிலிருந்து மட்டும் வெளியேறியவரின் அடையாளச் சர்வர் குக்கீ அங்கேயே கிடக்கும். அடுத்து அமர்பவர் ‘உள்நுழை’யை அழுத்தினால் கடவுச்சொல் கேட்கப்படாது. எல்லாச் செயலிகளுக்கும் வெளியேற்றச் செய்தி அனுப்பும் நெறிமுறை இருக்கிறது. ஆனால் செய்தி வந்ததும் எந்த அமர்வை முடிப்பது என்று பார்க்க, செயலியிடமும் ஒரு பதிவேடு இருந்தாக வேண்டும்.