பெயர் சொன்னால் பிட்வீன்



அலுவலக வேலையாக ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் உங்களில் பலர், இலக்கணம் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்த இதழில் நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பிட்வீன், அமங், பிசைட், பிசைட்ஸ். கதை படிக்கும்போது இவை யாரையும் தடுக்கி விழ வைப்பதில்லை. நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலையைப் பற்றி மெயில் எழுதும்போதுதான் தொல்லை. யார் எதைச் செய்ய வேண்டும், மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கே இந்தச் சொற்களில் புரண்டுவிடும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பையருக்கு ஒரு ஆர்டர் போக வேண்டும். மெர்ச்சண்டைசர் தன் குழுவுக்கு மெயில் எழுதி, பெங்களூருவில் உள்ள பையிங் ஹவுஸுக்கும் ஒரு நகல் போடுகிறார். குழுவில் கவிதா, சலீம், ஜோசப், மணி என்று நான்கு பேர். சாம்பிள் அப்ரூவல், துணி ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், இன்ஸ்பெக்ஷன் எல்லாம் அந்த மெயிலில் வருகின்றன. எழுதியவருக்குத் தொழில் தெரியும், ஆங்கிலமும் ஓரளவு சரளம். ஆனாலும் ஒரே மெயிலில் நாலு இடம் பிசகுகிறது.

முதல் பிசகு, சாம்பிள் வேலையை ‘அமங் கவிதா அண்ட் சலீம்’ பிரித்துக்கொள்ளலாம் என்று எழுதியது. இருவருக்கு நடுவில் அமங் வராது. ‘பிட்வீன் கவிதா அண்ட் சலீம்’ என்றே எழுத வேண்டும். இதில் கருத்து வேறுபாடு யாருக்கும் இல்லை.

மூன்று பேர் வரும் இடத்தில்தான் நம் பள்ளிப் பாடம் குறுக்கே வருகிறது. இரண்டு பேர் என்றால் பிட்வீன், இரண்டுக்கு மேல் என்றால் அமங் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியிலேயே இந்த விதி இருக்கிறது. எல்லாரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் அவர் அங்கேயே குறித்துவிட்டார். பின்னால் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இன்னும் தெளிவாகச் சொன்னது: பிட்வீன் ஆதியிலிருந்தே இரண்டுக்கு மேற்பட்டவற்றுக்கும் வழங்கிவருகிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தி உறவைச் சொல்ல அதுவே சொல். அமங் எல்லாவற்றையும் மொத்தமாக, ஒரு கூட்டமாகப் பார்க்கும் சொல். 

உதாரணத்துக்கு, அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் 2018இல் கையெழுத்திட்ட வர்த்தக உடன்படிக்கை 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாடுகள், ஆனால் அதன் அதிகாரபூர்வத் தலைப்பில் இருப்பது பிட்வீன்தான். ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் கட்டுப்படுகிறது என்பதால் அங்கே அமங் பொருந்தாது. ஆக, எண்ணிக்கையைப் பார்க்காமல், ஆட்கள் தனித்தனியாக நிற்கிறார்களா, கூட்டமாக நிற்கிறார்களா என்று பார்ப்பதே சரியான சோதனை.

நம் மெயிலுக்கு வருவோம். துணி ஆர்டர் சம்பந்தமான வேலையை ‘பிட்வீன் கவிதா, சலீம் அண்ட் மணி’ பிரித்திருப்பதாக எழுதியிருக்கிறார். பள்ளி விதிப்படி சிவப்பு மையால் அடிக்கத் தோன்றும். அடிக்கக் கூடாது, அது சரி. மூன்று பெயரும் சொல்லப்பட்டிருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உண்டு. அதே வேலையை ‘அமங் த டீம் மெம்பர்ஸ்’ என்று எழுதினால் அதுவும் பிழையில்லாத ஆங்கிலம்தான். ஆனால் படிப்பவருக்குக் கிடைக்கும் சேதி வேறு: குழுவுக்குள் யாரோ செய்வார்கள், யார் எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை. வேலை முடிவாகிவிட்ட பிறகும் அமங் என்று எழுதும் மெயிலைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். மணி அதைச் சலீமின் வேலை என்று விட்டுவிடுவார், சலீம் மணியின் வேலை என்று விட்டுவிடுவார். பெயர் தெரியுமானால் பெயரைப் போட்டு பிட்வீன் எழுதுங்கள். பெயர் இன்னும் முடிவாகாதபோது அமங் போதும்.

அதே மெயிலில் இன்னோரிடத்தில் ‘பிட்வீன் த டீம்’ என்று இருக்கிறது. இதுதான் உண்மையான பிழை. பிட்வீனுக்குப் பின்னால் பிரித்துக் காட்டக்கூடிய பன்மை வேண்டும். டீம் என்ற ஒற்றைச் சொல்லில் எது நடு, எது ஓரம்? ‘அமங் த டீம்’ என்பது வழக்கில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ‘விதின் த டீம்’. இழுபறிக்கு அதில் இடமே இல்லை. பன்மையாக்கி ‘பிட்வீன் த டீம் மெம்பர்ஸ்’ என்றாலும் நிற்கும். அமங் என்பதற்குப் பதிலாக அமங்ஸ்ட் எழுதுவது சிலருக்குப் பழக்கம். பொருள் ஒன்றே, ஒரு மெயிலில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

பள்ளி விதியை இறுகப் பிடித்துக்கொள்வதால் வரும் எதிர்ப்பிழையும் உண்டு. மூன்று சாம்பிள்களின் நிறத்தில் வித்தியாசம் தெரிகிறது என்று பையருக்குச் சொல்ல, ‘டிஃபரன்ஸ் அமங் த த்ரீ சாம்பிள்ஸ்’ என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கு மேல் என்ற ஒரே காரணத்துக்காக. ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிற இடத்தில் பிட்வீன்தான் இயல்பாக விழும். இன்ஸ்பெக்ஷன் நேரத்தைக் குறிக்கும் ‘பிட்வீன் டென் டு ட்வெல்வ்’ நம் ஊர் மெயில்களில் எங்கும் கிடக்கிறது. பிட்வீன் வந்தால் அண்ட் வர வேண்டும். டு வேண்டுமென்றால் முன்னால் ஃப்ரம் வர வேண்டும்.

இனி பிசைட், பிசைட்ஸ். வித்தியாசம் கடைசியில் நிற்கும் ஓர் எஸ் மட்டுமே. எஸ் இல்லாதது பக்கத்தில் என்ற இடப்பொருள் தரும்; எஸ் உள்ளது இதோடுகூட, மேலும் என்ற பொருள் தரும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை பார்க்கும் வசதி இதில் உதவாது. மெர்ச்சண்டைசர், பகிர்ந்து வைத்த வேலைப் பட்டியலில் ஒவ்வொருவரும் தங்கள் பெயரை ‘பிசைட்ஸ் த டாஸ்க்’ எழுதச் சொல்கிறார். வேலைக்கு நேரே, பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும் என்பதே அவர் எண்ணம், ஆகவே ‘பிசைட் த டாஸ்க்’. அடுத்த வரியில், பேக்கிங் லிஸ்டோடு இன்வாய்ஸும் வேண்டும் என்பதற்கு ‘பிசைட் த பேக்கிங் லிஸ்ட்’ என்று தொடங்குகிறார். அங்கே எஸ் வேண்டும். இல்லாவிட்டால் இன்வாய்ஸ் பேக்கிங் லிஸ்டுக்குப் பக்கத்தில் கிடப்பது போல ஆகிவிடும். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் எஸ் இல்லாத வடிவத்தையும் கூடுதல் என்ற பொருளில் பார்க்கலாம். வேலை மெயிலில் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உண்மையில் செலவு வைக்கும் பிழை இதற்கு அடுத்துதான் இருக்கிறது. பையிங் ஹவுஸில் ஒரு சந்திப்பு. நம் தரப்பில் மூன்று பேர் போகிறார்கள். ஜோசப் விடுப்பில் இருப்பதால் வரவில்லை. ‘ஜோசப்பைத் தவிர மூன்று பேர் வருகிறோம்’ என்று மனசில் தமிழில் ஓடுகிறது, கை ‘பிசைட்ஸ் ஜோசப், த்ரீ பீப்பிள் வில் கம்’ என்று எழுதுகிறது. பெங்களூருவில் வாயிற்காப்பகத்தில் நாலு அனுமதிச் சீட்டு தயாராகிறது, ஜோசப்பின் பெயரும் அதில் ஒன்று. ஏனென்றால் ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் சொல்வது, ஜோசப் வருகிறார், அவரோடு இன்னும் மூன்று பேர் என்று.

நம் தவிர என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ‘அவரைத் தவிர எல்லாரும் வந்தார்கள்’ என்றால் அவரைக் கழிக்கிறோம். ‘சம்பளம் தவிர போனஸும் உண்டு’ என்றால் கூட்டுகிறோம். தமிழில் வாக்கியத்தின் போக்கே எது என்று காட்டிவிடும். பிசைட்ஸ் சாதாரண வாக்கியத்தில் கூட்டும் சொல். எதிர்மறையோ எல்லாரும் என்ற பொருளோ கூட வந்தால் மட்டும் அது கழிக்கும் பக்கம் சாயும்: ‘நோபடி பிசைட்ஸ் ஜோசப் ஹேஸ் த ஃபைல்’ என்றால் ஜோசப்பிடம் மட்டுமே ஃபைல் இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லை.

அப்படியானால் எக்செப்ட் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. எக்செப்ட் ஒரு முழுமையிலிருந்து கழிக்கும் சொல். எல்லாரும், ஒவ்வொருவரும், யாரும் இல்லை என்பது போன்ற ஒரு முழுமை வாக்கியத்தில் இருக்க வேண்டும். ‘எவ்ரிஒன் எக்செப்ட் ஜோசப்’ சரி. ‘எக்செப்ட் ஜோசப், த்ரீ பீப்பிள்’ என்றால் ஆங்கிலம் தெரிந்தவருக்கு முழிதான் பிதுங்கும். இங்கே இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேர் வருகிறோம், ஜோசப் வரவில்லை என்று இரண்டு சின்ன வாக்கியமாக எழுதுவதே நல்லது. ஜோசப்பும் வருகிறார் என்றால் ‘ஜோசப் அண்ட் த்ரீ அதர்ஸ்’ என்று எழுதி, மொத்தம் நாலு என்ற எண்ணையும் போட்டுவிடுங்கள்.

பிசைட்ஸுக்குப் பின்னால் வினை வந்தால் அது ஐஎன்ஜி வடிவில் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பார்ப்பதோடு ஷிப்பிங்கும் மணி பார்க்கிறார் என்பதற்கு ‘பிசைட்ஸ் ஹேண்ட்லிங் பேக்கிங்’ என்று தொடங்கலாம். ‘பிசைட்ஸ் டு ஹேண்டில்’, ‘பிசைட்ஸ் ஆஃப்’ இரண்டும் ஆங்கிலத்தில் இல்லை.

பிறர் எழுதிய மெயிலைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று பெயருக்கு முன் பிட்வீன் இருந்தால் கை வைக்காதீர்கள். சரியானதைத் தவறு என்று திருத்தினால் எழுதியவர் அடுத்த மெயிலிலும் தடுமாறுவார். ‘பிட்வீன் த டீம்’ என்று இருந்தால் கேட்காமலே திருத்தலாம், பொருள் மாறாது. ‘பிசைட் த பேக்கிங் லிஸ்ட்’ என்பதற்கு ஓர் எஸ் சேர்த்தால் தீர்ந்தது. ஆனால் பிசைட்ஸுக்குப் பின்னால் ஓர் ஆளின் பெயரும், அதன்பின் ஓர் எண்ணும் வந்தால், எது நினைத்து எழுதினார் என்பது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த ஒன்றை மட்டும் நீங்களாகத் திருத்தாமல் எழுதியவரைப் போனில் கூப்பிட்டு, ஜோசப் வருகிறாரா, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்