பந்தியில் இடம், நிலத்தில் இடம்

2020 நவம்பர் இறுதியில் தில்லியின் சிங்கு, டிக்ரி எல்லைகளில் பஞ்சாப் விவசாயிகள் முகாமிட்டபோது, முதலாளித்துவ ஊடகங்களின் கண்ணை முதலில் உறுத்தியது அவர்களது கோரிக்கை அல்ல; சமையற்கூடம். இவ்வளவு மாவு எங்கிருந்து வருகிறது, பணம் தருவது யார் என்று கேட்டார்கள். ஒருநாள் பீட்சா பரிமாறப்பட்டதும், இவர்களா ஏழை விவசாயிகள் என்று எள்ளி நகையாடினார்கள். மறுபக்கம், போராட்டத்தின் மீது பரிவு கொண்ட நல்லுள்ளங்கள் லங்கரை 'மாபெரும் அன்னதானம்' என்று போற்றின. ஏளனம் செய்தவர்களும் போற்றியவர்களும் ஒரே பிழையைச் செய்தார்கள். லங்கர் தானம் அல்ல. தானத்தில் கொடுப்பவன் நிற்கிறான், வாங்குபவன் குனிகிறான். லங்கரின் அடிப்படை விதியோ இருவரும் ஒரே தரையில், ஒரே வரிசையில் அமர வேண்டும் என்பது.

அந்த வரிசைக்குப் பஞ்சாபியில் 'பங்கத்' என்று பெயர். வடமொழிப் 'பங்க்தி'யிலிருந்து பிறந்த சொல் அது. நம் 'பந்தி'யும் அதே வேரில் கிளைத்ததுதான். இச்சொல்லின் பழைய வரலாறு இனிப்பானது அல்ல. மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம், சிராத்த உணவில் யார் அமர்ந்தால் பந்தி தூய்மையடையும், யார் அமர்ந்தால் பந்தி கெடும் என்று நீண்ட பட்டியல் தருகிறது. யாரோடு யார் உண்ணலாம் என்பதே யாரோடு யார் மணவுறவு கொள்ளலாம், யார் யாருக்கு ஏவல் செய்ய வேண்டும் என்பதன் அன்றாடப் பயிற்சியாக இருந்தது. பந்தி சாதியின் பள்ளிக்கூடம்.

குருநானக் (1469–1539) கர்தார்பூரில் தொடங்கிவைத்த பொதுச் சமையற்கூடம் இந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே புகுந்து பாடத்தை மாற்றியது. இரண்டாம் குருவான அங்கதின் துணைவியார் மாதா கீவி அதை நடத்திய சிறப்பு சீக்கியர்களின் மறைநூலிலேயே பதிவாகியிருக்கிறது. மூன்றாம் குரு அமர்தாஸ் கோயிந்த்வாலில் ஒரு நிபந்தனை விதித்தார் என்கிறது மரபு: முதலில் பந்தியில் அமர்க, பிறகு குருவைக் காண்க. பேரரசர் அக்பரும் அவ்வாறே அமர்ந்து உண்டார் என்பது வழிவழிச் செய்தி.

இந்த விதியின் நுட்பம் உற்றுநோக்கத் தக்கது. எல்லோரும் தரையில் விரித்த நீண்ட பாயில் சம்மணமிட்டு அமர்கிறார்கள். வந்த வரிசையில் அமர்வதே முறை; ஊர்ப்பெரியவருக்கு என்று தனி இடம் கிடையாது. ரொட்டியை இரு கைகளையும் ஏந்திப் பெற வேண்டும். நிலவுடைமையாளனும் அவனது பண்ணையாளும் ஒரேவிதமாகக் கையேந்துகிறார்கள். செலவுக்கு, வருவாயில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் 'தஸ்வந்த்' மரபு உண்டு. உழைப்பைத் தொண்டர்கள் தருகிறார்கள். அக்கம்பக்கமாக அமர்வது விதியின் ஒரு பாதி. மாவு பிசைந்த கையும் பருப்பைக் கிளறிய கையும் எந்தச் சாதியின் கை என்று கேட்கக்கூடாது என்பது மறுபாதி. முதல் பாதியைச் சகித்துக்கொள்பவர்கள்கூட இரண்டாம் பாதியில் இடறுகிறார்கள்.

இடறியவர்கள் வெளியார் அல்லர்; கோயிலின் பூசாரிகளே. 1920 அக்டோபர் 12 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் கால்சா பிராதரி என்ற அமைப்பின் கூட்டத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அமிர்தம் பெற்றுச் சீக்கியத்தில் இணைந்தனர். கடா பிரசாதத்தைச் சுமந்துகொண்டு அவர்கள் பொற்கோயிலுக்குச் சென்றபோது, அதை ஏற்கப் பூசாரிகள் மறுத்தனர். கோதுமை மாவு, நெய், சர்க்கரை என்னும் அதே பண்டம்தான். கொண்டுவந்த கை மட்டுமே வேறு. உடன்சென்ற கால்சா கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் விடவில்லை. நீண்ட வாதத்துக்குப்பின் மறைநூலைத் திறந்து வாசித்தனர். வந்த பகுதி அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அங்கிருந்து அவர்கள் அகால் தக்துக்குச் செல்ல, அங்கிருந்த பூசாரிகள் இடத்தை விட்டே வெளியேறினர். அந்த வெற்றிடத்தில்தான் பொறுப்புக்குழு அமைந்தது. அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. குருத்வாரா சீர்திருத்த இயக்கம் வேகம் பெற்றது தீண்டாமையோடு நேருக்கு நேர் மோதிய ஒரு நாளில் என்பதை இன்றைய மடாதிபதிகள் நினைவூட்ட விரும்புவதில்லை. ஏறத்தாழ நானூறு ஆண்டுப் பந்திமரபும் தானாகக் காத்துநிற்கவில்லை; அதைப் போராடி மீட்க வேண்டியிருந்தது.

1924இல் அகாலிகள் வைக்கத்துக்கு வந்து, சத்தியாகிரகிகளுக்காக லங்கரைத் திறந்தார்கள். பெரியார் சிறைசென்ற அதே போராட்டம் அது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக்கூட உரிமையற்றவர்களுக்கு, எல்லோரோடும் அமர்ந்து உண்ணும் பந்தி அங்கே விரிந்தது. காந்தியடிகள் இதை ஏற்கவில்லை. வெளியாரின் இலவச உணவு போராடுவோரின் தன்மானத்துக்கு இழுக்கு என்று அவர் கருதினார், லங்கர் மூடப்பட்டது. இங்கும் அதே பிழைதான்: தோழமையைத் தானமாக வாசித்த பிழை. சாதி இந்துவும் ஈழவரும் புலையரும் ஒரே வரிசையில் உண்பது, தெருவைத் திறக்கக் கோரும் மனுவைவிடக் கூர்மையான கோரிக்கை என்பதை வைதிகர்கள் உணராமல் இருந்திருக்க முடியாது.

ஆயினும் லங்கரைப் போற்றுவதோடு நின்றுவிடுவது மார்க்சியர்களுக்கு அழகல்ல. நாட்டிலேயே மக்கள்தொகையில் தலித்துகளின் விகிதம் மிகுந்த மாநிலம் பஞ்சாப். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 32 விழுக்காடு. நிலமோ பெரும்பாலும் ஜாட் சீக்கியர் கையில். பல கிராமங்களில் தலித்துகளுக்கு வேறு குருத்வாரா, வேறு சுடுகாடு. ஜலந்தர் அருகிலுள்ள தல்ஹன் கிராமத்தில் தலித்துகளே பெரும்பான்மை. அங்குள்ள வழிபாட்டிடத்தில் காணிக்கை ஏராளமாகக் குவிகிறது. அதை நிர்வகிக்கும் குழுவில் இடம் கேட்டதற்காக 2003இல் அவர்கள் சமூகப் புறக்கணிப்புக்கு ஆளானார்கள். மோதல் வெடித்து, ஊரடங்கு வரை சென்ற பிறகே குழுவில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. பந்தியில் அமரலாம், கணக்கு நோட்டைத் தொடக்கூடாது என்பதே அங்கு நிலவிய சட்டம்.

சிங்குவில் லங்கர் மணந்த அதே 2020இன் கோடையில், ஊரடங்கால் வெளிமாநிலத் தொழிலாளர் வராத நிலையில், பஞ்சாபின் பல ஊராட்சிகள் நெல் நடவுக்கு இதற்கு மேல் கூலி இல்லை என்று தீர்மானம் போட்டன. மறுக்கும் தலித் தொழிலாளரைப் புறக்கணிப்போம் என்றும் மிரட்டின. ஒரே தட்டுவரிசையில் ரொட்டி வாங்கிய கைகள்தாம் வயல் வரப்பில் எதிரெதிராக நின்றன.

இதனால் லங்கர் பொய்யாகிவிடுமா? ஆகாது. பொய் என்று ஒதுக்குவோர், தல்ஹன் தலித்துகள் கேட்டது என்ன என்பதைக் கவனிக்கவில்லை. பந்தி சமம் என்றால் நிர்வாகமும் சமமாகட்டும் என்றே அவர்கள் கேட்டார்கள். மரபே அவர்களுக்கு வாதத்தைத் தந்தது. நிலமும் கூலியும் அந்த வாதத்தைத் தடுத்தன. ஒரு குருத்வாராவில் சமத்துவம் உண்டா என்று அறிய விரும்புவோர் யார் உண்கிறார்கள் என்று பார்த்தால் போதாது. மாவு பிசைவது யார், உண்டியலின் சாவி யாரிடம், உண்டு எழுந்தவர் யாருடைய வயலுக்கு என்ன கூலிக்குச் செல்கிறார் என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு அமர்தாஸ் விடை தந்தார். இரண்டாவதற்குத் தல்ஹன் போராடி விடை பெற்றது. மூன்றாவது கேள்வி பஞ்சாபின் வயல்களில் இன்னும் விடையின்றி நிற்கிறது. நிலச்சீர்திருத்தமன்றி வேறெந்தச் சமையற்கூடமும் அதற்கு விடை சமைத்துத் தராது.